திரை மூடியிருக்கும் அந்த நாலு நிமிடம்

ஹட்டன் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலை. பழைய மாணவன் என்ற உரிமையில் அங்கே விழாக்களுக்கு அறிவிப்புச் செய்யத் தொடங்கி ஒரு வருடம் ஆகப்போகிறது. நிகழ்ச்சியை அறிவிப்பது பெரிய வேலை இல்லை. ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும் வரை சபையைப் பிடித்து வைப்பதுதான் வேலை.

முதல் விழா போன டிசம்பர் ஒளி விழா. நாலு பேர் வரும் நீளமான பகிடி ஒன்றைத் தயார்செய்து வைத்திருந்தேன். மூன்றாவது ஆள் பேசிக்கொண்டிருக்கும்போதே திரை திறந்துவிட்டது. பின்னால் தரம் ஒன்று தேவதூதர்கள் பஞ்சுச் சிறகோடு கைகளை விரித்து நிற்கிறார்கள். நான் நிறுத்தியிருக்க வேண்டும். முடிவைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பிள்ளைகளின் கைகள் மெல்ல மெல்லக் கீழே இறங்கின, சபை என்னைப் பார்க்கவே இல்லை. கடைசி வரிக்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு இருபது விநாடிக்குள் முடியாத பகிடி எதையும் மேடைக்குக் கொண்டுபோவதில்லை. இப்போது அதிகம் உதவுவது இதுதான்:

"ஏன்டா லேட்?"
"ஒரே பனி சேர். பாதையே தெரியல."
"நான் வரலையா?"
"நீங்க எனக்குப் பின்னாலதானே சேர் வந்தீங்க!"

முதல் இரண்டு வரியோடு திரை திறந்தாலும், "சரி, பனி விலகிவிட்டது, மேடையைப் பாருங்கள்" என்று சொல்லித் தப்பிக்கலாம். எங்கே வெட்டினாலும் அறிவிப்பாக மாறக்கூடிய பகிடிதான் அறிவிப்பாளனுக்குத் தோது.

அதே ஒளி விழாவில் இன்னொரு தவறும் செய்தேன். மேய்ப்பனாக வந்த பையனின் ஒட்டுத்தாடி கழன்று விழுந்தது. "மேய்ப்பர் மேடையிலேயே சவரம் செய்துவிட்டார்" என்றேன். மண்டபமே அதிர்ந்தது. பிறகு உள்ளே போனால் அவன் தாடியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருக்கிறான். சபை சிரித்தால் பகிடி சரி என்று அதுவரை நினைத்திருந்தேன். இப்போது மேடையில் ஏதாவது விழுந்தால் பழியை என் மேல் போட்டுக்கொள்கிறேன்: "பசை வாங்கி வந்தது நான்தான், மிச்சக் காசுக்கு வடை சாப்பிட்டேன்." நிறம், குண்டு, லயத்து வீடு, பெற்றோரின் வேலை, இவை பக்கமே போவதில்லை.

ஆறாம் மாதம் கலை விழா வந்தபோது ஃபோனில் நேரம் பிடித்துப் பார்த்தேன். பாட்டு முடிந்து பேச்சு வர முப்பது விநாடி போதும். நாடகம் முடிந்து வாங்கு, மேசையை அகற்ற இரண்டு நிமிடம். ஒரே பிள்ளை அடுத்தடுத்து இரண்டு நடனத்தில் இருந்தால் நாலு நிமிடத்துக்குக் குறையாது. ஆகவே முதல் நாளே உடை மாற்றும் டீச்சரிடம் நிகழ்ச்சி நிரலைக் காட்டி, நீளமான இடைவெளிகளில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுக்கொள்கிறேன். திரை ஓரத்தில் ஒரு பையன் டோர்ச்சோடு நிற்பான். ஒரு தடவை மின்னினால் தயார், இரண்டு தடவை என்றால் பேச்சை இன்னும் இழு.

ஒக்டோபர் 6, ஆசிரியர் தின விழாவில் அந்த டோர்ச் மூன்று தடவை மின்னியது. அதற்கு நாங்கள் அர்த்தமே வைத்திருக்கவில்லை. பென்ட்ரைவ் திறக்கவில்லையாம். பனிப் பகிடியைச் சொன்னேன், சிரித்தார்கள். இன்னொன்று, பாதிச் சிரிப்பு. மூன்றாவதைத் தொடர்ந்து சொன்னால் விழும் என்று கலை விழாவில் பட்டுத் தெரிந்திருந்ததால், மேடையை விட்டு இறங்கி முன்வரிசைச் சின்னப் பிள்ளைகளிடம் போனேன். "மலையிலே பச்சை, மூட்டையிலே கறுப்பு, கோப்பையிலே சிவப்பு. நான் யார்?" தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது விடுகதையே இல்லை. "தேயிலை!" என்று மண்டபம் முழுக்கக் கத்தியது. அதுதான் எனக்கும் வேண்டும், தூங்கியவர்களும் எழுந்துவிட்டார்கள். உடனே கொஞ்சம் கஷ்டமானது: "அடி மலர்ந்து நுனி மலராத பூ எது?" தாமரை, ரோஜா என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். விடையை நான் சொல்லவில்லை. "அடுத்த நடனம் முடிந்ததும் சொல்கிறேன்" என்றேன். டோர்ச் ஒரு தடவை மின்னியது. அடுத்த இடைவெளியில் நான் மைக்கைத் தொடும் முன்பே பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா, "தம்பி, வாழைப்பூ!" என்றார். அந்த இடைவெளிக்குப் பகிடியே தேவைப்படவில்லை.

இன்னும் பிடிபடாதது மழை. தகரக் கூரையில் அடித்துப் பெய்தால் மைக்கில் கத்தினாலும் கடைசி வரி யாருக்கும் கேட்பதில்லை, அந்த வரி கேட்காவிட்டால் பகிடியும் இல்லை. ஆசிரியர் தினத்தன்று பின்னேரம் அப்படித்தான் ஆனது. கையை உயர்த்தச் சொல்லி, ஒரு பக்கம் தட்ட மறுபக்கம் பதிலுக்குத் தட்டச் செய்து சமாளித்தேன். இந்த ஒளி விழாவுக்குப் பேச்சே இல்லாத இரண்டு மூன்று விளையாட்டை இப்போதே வீட்டில் தங்கச்சியை வைத்துப் பழகிக்கொண்டிருக்கிறேன்.