ரத்து செய்த கனெக்‌ஷனுக்கு வந்த பில்: ஆதாரக் கோப்பு தயாரித்த அனுபவம்

வீட்டு இணைய இணைப்பை ரத்து செய்து ரவுட்டரையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதன் பிறகும் பில் வந்துகொண்டே இருந்தது. கஸ்டமர் கேரில் கேட்டால், "நீங்கள் ரத்து கேட்டதாக எங்கள் சிஸ்டத்தில் பதிவே இல்லை" என்றார்கள். அடுத்த பில்லில் ரவுட்டரின் விலையும் சேர்ந்திருந்தது. இனி போனில் பேசிப் பயனில்லை, எழுத்தில்தான் பேச வேண்டும் என்று அப்போது முடிவு செய்தேன்.

கையில் கிடைத்ததையெல்லாம் சேர்ப்பதற்கு முன்னால், எதை நிரூபிக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதினேன். மூன்றே விஷயங்கள்: நான் ரத்து கேட்டேன், அவர்கள் அதை ஏற்றார்கள், ரவுட்டர் அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தது. இந்த மூன்றில் எதற்கும் உதவாத தாள் கோப்பில் வேண்டாம். இதைச் செய்யாவிட்டால் கோப்பு தடித்துக்கொண்டே போகும், படிப்பவர் நடுவிலேயே விட்டுவிடுவார்.

முதல் இரண்டுக்கும் ஆதாரம் அவர்களுடைய செயலியில் நடந்த சாட். அதில் ஒரு சிக்கல் இருந்தது. அண்மையில் வந்த செய்திகளுக்கு மேலே "இன்று", "நேற்று" என்றுதான் காட்டும். அந்தப் படத்தை மூன்று மாதம் கழித்துப் பார்ப்பவருக்கு "நேற்று" எந்த நாள் என்று எப்படித் தெரியும்? ஆகவே தேதி முழுதாகத் தெரியும் வரை காத்திருந்து மறுபடி ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். உரையாடல் நீளமாக இருந்ததால், ஒரு படத்தின் கடைசிச் செய்தி அடுத்த படத்தின் மேற்பகுதியிலும் வருமாறு எடுத்தேன். இப்படி ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றால்தான் நடுவில் எதையும் விட்டுவிடவில்லை என்பது கண்ணுக்குத் தெரியும். நிறுவனத்தின் பெயரும் புகார் எண்ணும் தெரியும் திரையையும் தனியாக எடுத்தேன். படங்களை மெசேஜ் செயலி வழியாகக் கணினிக்கு அனுப்பினால் அவை சுருங்கிப் போகும், கோப்போடு சேர்ந்த விவரங்களும் பெரும்பாலும் அழிந்துவிடும். அதனால் கேபிள் போட்டு நேராக நகலெடுத்தேன். மூலப்படத்தில் கை வைக்கவே இல்லை. கட்டம் போட்டுக் காட்டியது, அட்டை எண்ணை மறைத்தது எல்லாம் வேறொரு நகலில்தான். மின்னஞ்சல்களையும் படமாக மட்டும் எடுக்காமல் `.eml` கோப்பாகச் சேமித்தேன். எந்த சர்வர் வழியாக எப்போது வந்தது என்ற விவரம் அதில்தான் இருக்கிறது.

அழைப்புகள் விஷயம் வேறு மாதிரி. கால் லாக் சொல்வது எந்த எண்ணுக்கு, எப்போது, எவ்வளவு நேரம் என்பதை மட்டும்தான். என்ன பேசினோம் என்று அது சொல்லாது. தவிர, போனில் இருக்கும் பட்டியல் வளர வளரப் பழைய அழைப்புகள் மறைந்துபோகும். யார் வேண்டுமானாலும் ஒரு வரியை அழிக்கவும் முடியும். மார்ச் 12 அன்று நானே அழைத்து "இணைப்பைத் தொடருங்கள்" என்று சொன்னதாக அவர்கள் ஒரு பதிலில் எழுதியிருந்தார்கள். என் போனில் அப்படி ஓர் அழைப்பு இல்லை. ஆனால் "என் போனில் இல்லை" என்ற பேச்சுக்கு மதிப்பு குறைவு. ஆகவே மொபைல் நிறுவனத்திடம் அந்த மாதத்துக்கான விவரமான அழைப்புப் பட்டியலைக் கேட்டு வாங்கினேன். அந்தத் தேதியில் என் எண்ணிலிருந்து அவர்களுக்கு எந்த அழைப்பும் போகவில்லை என்று அது காட்டியது. வேறொரு எண்ணிலிருந்து நான் பேசவில்லை என்பதை அதுவும் நிரூபிக்காது. அதனால் கடிதத்தில் அந்தப் பட்டியல் காட்டும் அளவுக்கு மட்டும் எழுதிவிட்டு, அழைப்பு எந்த எண்ணிலிருந்து வந்தது என்று அவர்களிடமே கேட்டேன். அதற்கு அவர்கள் பதில் சொல்லவே இல்லை.

உரையாடலை ரெக்கார்டு செய்வது சில நாடுகளில் இருவரும் சம்மதித்தால்தான் செல்லும், ஆகவே அந்த வழிக்கு நான் போகவில்லை. ஒவ்வொரு முறை பேசி முடித்ததும், "இன்று மாலை 4:10-க்குப் பேசினோம், நீங்கள் இப்படிச் சொன்னீர்கள், தவறாக இருந்தால் தெரிவிக்கவும்" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுவேன். கால் லாக்கில் உள்ள நேரமும் அந்த மின்னஞ்சலும் சேர்ந்தால்தான் ஓர் அழைப்பு ஆதாரமாக நிற்கும்.

அடுத்து ரசீது. ரவுட்டரைக் கவுன்டரில் கொடுத்தபோது வந்த துண்டுத் தாள் அது, வெப்பத்தில் அச்சாகும் வகை. அந்த எழுத்து சில மாதங்களிலேயே மங்கக்கூடும், வெயிலோ சூடோ பட்டால் இன்னும் சீக்கிரம். வாங்கிய அன்றே ஸ்கேன் செய்து, தாளை ஒரு காகித உறையில் போட்டு வைத்தேன். ரசீதில் தேதியோடு ரவுட்டரின் சீரியல் நம்பரும் இருந்தது. இணைப்பு கொடுத்தபோது அவர்கள் தந்த படிவத்திலும் அதே நம்பர். "ஒரு ரவுட்டரைக் கொடுத்தார், எங்களுடையதுதானா தெரியாது" என்று சொல்ல வழியில்லாமல் செய்தது இந்தப் பொருத்தம்தான். இரண்டு தாளையும் ஒரே பக்கத்தில் மேலும் கீழுமாக வைத்து அச்செடுத்தேன்.

எல்லாவற்றுக்கும் எண் கொடுத்து, கோப்புப் பெயரிலேயே தேதியையும் வைத்தேன்:

```
A01_2024-03-05_chat.pdf
A02_2024-03-28_receipt.pdf
A03_2024-03_calls.pdf
```

முன்பக்கத்தில் ஒரு பட்டியல்: ஆவண எண், தேதி, என்ன ஆவணம், எதைக் காட்டுகிறது. ஒரு கடிதத்தில் எண்ணைக் குறிப்பிட்டுவிட்டால் அப்புறம் அதை மாற்றவே கூடாது. பழைய தேதியிட்ட தாள் பிறகு கிடைத்தாலும் அதற்கு அடுத்த எண்தான். இல்லையென்றால் முதல் கடிதத்தின் ஆவணம் 3 ஒன்றாகவும், இரண்டாம் கடிதத்தின் ஆவணம் 3 வேறாகவும் போய்விடும். நடந்த வரிசையைத் தனியாக ஒரு பக்கத்தில் எழுதி வைத்தேன்.

கடிதத்தில் "பலமுறை சொல்லியும் கேட்கவில்லை" போன்ற வரிகளுக்கு இடமே கொடுக்கவில்லை. இப்படி எழுதினேன்:

"மார்ச் 5 அன்று இணைப்பை ரத்து செய்யக் கேட்டேன் (ஆவணம் 1, பக்கம் 1). 'உங்கள் இணைப்பு மார்ச் 31-உடன் முடிவடையும்' என்று உங்கள் பிரதிநிதி அன்றே பதிலளித்தார் (ஆவணம் 1, பக்கம் 2). மார்ச் 28 அன்று ரவுட்டரை ஒப்படைத்தேன். ரசீதிலும் உங்கள் படிவத்திலும் உள்ள சீரியல் நம்பர் ஒன்றே (ஆவணம் 2). ஏப்ரல் முதல் விதித்த கட்டணங்களையும் ரவுட்டர் தொகையையும் நீக்கி, பாக்கி இல்லை என்று எழுத்தில் தெரிவிக்கவும்."

ஒரு வாக்கியத்தில் ஒரு சம்பவம், அதன் முடிவிலேயே ஆவண எண்ணும் பக்கமும். அவர்கள் சொன்னதை மேற்கோள் குறிக்குள் எழுத்து மாறாமல் வைக்க வேண்டும். நாம் சுருக்கிச் சொன்னால் அப்படிச் சொல்லவேயில்லை என்று மறுக்க இடம் கிடைத்துவிடும்.

அந்த சாட்டில் எனக்குச் சாதகமில்லாத ஒரு வரியும் இருந்தது: ரத்தை உறுதிசெய்ய ஒரு படிவமும் வரும் என்று பிரதிநிதி எழுதியிருந்தார். அதை வெட்டிவிடத் தோன்றும். முழு உரையாடலும் அவர்களிடமும் இருக்கிறது என்பதால், வெட்டியது தெரிந்தால் மற்ற படங்களையும் நம்ப மாட்டார்கள். அந்த வரியை நானே கடிதத்தில் எடுத்துச் சொல்லி, படிவம் எதுவும் எனக்கு வரவில்லை என்று எழுதினேன்.

அசல்கள் எதையும் அனுப்பவில்லை. நகல்களை ஒரே பி.டி.எஃப். ஆக்கி, முதலிலிருந்து கடைசி வரை தொடர் பக்க எண் போட்டு மின்னஞ்சலிலும், ஒப்புகை கிடைக்கும் தபாலிலும் அனுப்பினேன். முதல் கடிதத்துக்கு எந்த நிறுவனமும் அனுப்பக்கூடிய பொதுப் பதில்தான் வந்தது. இரண்டாவது கடிதம் புகார்ப் பிரிவின் மேலதிகாரிக்குப் போனது. அங்கிருந்து வந்த பதில், "ஆவணம் 2-இல் உள்ள ரசீதைச் சரிபார்த்தோம்" என்று என்னுடைய எண்ணையே குறிப்பிட்டுத் தொடங்கியது. கட்டணங்கள் நீங்கின, பாக்கி இல்லை என்று எழுத்தில் வந்தது. பழைய பாக்கியை வசூல் நிறுவனத்திடம் கொடுத்துவிடும் வழக்கம் உண்டு என்பதால், அந்தக் கடிதத்துக்கும் அடுத்த எண்ணைக் கொடுத்து அதே கோப்பில் வைத்திருக்கிறேன்.