ஆரஞ்சு சிறுநீர் பயமில்லை, கடுங்காப்பி நிறம்தான் பயம்

சளிப் பரிசோதனையில் டிபி என்று உறுதியானது. ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்றும் வந்ததால் வழக்கமான ஆறு மாத சிகிச்சை. என் எடை 52 கிலோ என்பதால் தாராவி மையத்தில் தினமும் நான்கு மாத்திரை கொடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு, எத்தாம்புட்டால் நான்கும் கலந்திருக்கும். இரண்டு மாதம் கழித்துப் பைராசினமைடை விட்டுவிட்டு மற்ற மூன்றும்.

முதல் நாளே சிறுநீர் ஆரஞ்சாகப் போனது. திருநெல்வேலிக்கார நர்ஸ் அக்கா முன்பே சொல்லியிருந்தார்: "அது ரிஃபாம்பிசின் சாயம், பயப்படாதீங்க. ஆனா கண்ணு வெள்ளையில மஞ்சள் ஏறினா அது மாத்திரைச் சாயம் இல்ல." எனக்கு அந்த ஆரஞ்சு மாத்திரை போட்ட சில மணி நேரம் தூக்கலாக இருக்கும், ராத்திரிக்குள் வெளுத்துவிடும். மூட்டு வலியும் வந்தது. அது பைராசினமைடு வேலை, யூரிக் அமிலம் கூடுவதால் வருவது. லேசான குமட்டலும் இருந்தது. இதெல்லாம் தாங்கக்கூடியவைதான்.

முதல் மாதம் முடியும் முன்பு குமட்டலின் குணமே மாறியது. அதுவரை மாத்திரை போட்டதும் வந்து போகும். இப்போது நாள் முழுக்க. சோற்றைப் பார்த்தாலே வெறுப்பு, வலது விலா எலும்புக்குக் கீழே கனம். சிறுநீர் ராத்திரியிலும் கடுங்காப்பி மாதிரி. மறுநாள் மாத்திரையைப் போடாமல் காலையிலேயே மையத்துக்குப் போனேன். ஈரல் பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான எஸ்.ஜி.பி.டி. 310, அந்த லேபில் 40 வரைதான் சரி. காமாலையைக் காட்டும் பிலிருபினும் ஏறியிருந்தது.

டாக்டர் எல்லா மாத்திரையையும் நிறுத்தினார். அறிகுறி இருக்கும்போது எஸ்.ஜி.பி.டி. இயல்பின் உச்ச வரம்பைப் போல மூன்று மடங்கைத் தாண்டினாலே நிறுத்துவார்கள். அறிகுறி இல்லாவிட்டால் ஐந்து மடங்கு. கொஞ்சம் ஏறினால் நிறுத்துவதில்லை, பலருக்கு அது தானாக இறங்கிவிடும். மஞ்சள்காமாலை வைரஸ் பரிசோதனையும் எடுத்தார்கள். குடிப்பழக்கம் உண்டா, காய்ச்சல் மாத்திரை நிறைய போட்டீர்களா, நாட்டு மருந்து ஏதாவது என்றெல்லாம் கேட்டார்கள். ஊரிலிருந்து சித்தி கீழாநெல்லி அனுப்பியிருந்தார். பிரிக்கவே வேண்டாம் என்றார் டாக்டர்: அதையும் சாப்பிட்டால், ஈரல் எதனால் தேறுகிறது, எதனால் கெடுகிறது என்று கண்டுபிடிக்க முடியாது.

எஸ்.ஜி.பி.டி. 80-க்குக் கீழே வந்த பிறகுதான் மருந்து திரும்பியது, அதுவும் ஒவ்வொன்றாக. முதலில் எத்தாம்புட்டாலோடு ரிஃபாம்பிசின். எத்தாம்புட்டால் ஈரலைப் பெரும்பாலும் தொடுவதில்லை. சில நாள் விட்டு ரத்தம் பார்த்து, ஏறவில்லை என்றதும் ஐசோனியாசிட். பைராசினமைடைத் திரும்பக் கொடுக்கவே இல்லை. எனக்குக் காமாலை வரை போனதால் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். அதற்கு விலையாக ஆறு மாதம் ஒன்பது மாதமானது.

கண் பார்வையைப் பாதிக்கக்கூடிய எத்தாம்புட்டால் இன்னும் ஓடுவதால், இப்போது ஒவ்வொரு தடவையும் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிகிறதா என்று கேட்கிறார்கள்.