கோச்சிங் ஸ்லைடுகளிலிருந்து குரூப் 4 கையேடு: கேள்வி எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்தும் முறை

பயிற்சி வகுப்பில் கொடுக்கும் பிபிடி ஃபைல்களை அப்படியே பிரிண்ட் போட்டுப் படிப்பவர்கள் நம்மில் நிறைய பேர். குரூப் 4 தேர்வின் பொது அறிவுப் பகுதிக்கு அது சரிப்பட்டு வராது. ஏன் என்பதையும், அதே ஸ்லைடுகளிலிருந்து பயன்படக்கூடிய ஒரு கையேட்டை நான் எப்படித் தயாரித்தேன் என்பதையும் சொல்கிறேன்.

குரூப் 4-ல் மொத்தம் 200 கேள்விகள், 300 மதிப்பெண்கள். தமிழ் 100, பொது அறிவு 75, திறனறிவு 25. பொது அறிவின் 75 கேள்விகள் எந்த அலகிலிருந்து எத்தனை வரும் என்பதை டிஎன்பிஎஸ்சி இப்போதைய பாடத்திட்டத்திலேயே அச்சிட்டிருக்கிறது. பொது அறிவியல் 5, புவியியல் 5, இந்திய வரலாறும் தேசிய இயக்கமும் 10, இந்திய ஆட்சியியல் 15, இந்தியப் பொருளாதாரமும் தமிழகத்தின் வளர்ச்சி நிர்வாகமும் 20, தமிழகத்தின் வரலாறு, மரபு, சமூக அரசியல் இயக்கங்கள் 20. நம் கையேட்டின் வரிசையும் இதுதான், ஆனால் தலைகீழாக. கடைசி இரண்டு அலகுகள் முதலில் வர வேண்டும்.

இனி வகுப்பின் ஸ்லைடுகளை எடுத்து எண்ணிப் பாருங்கள். என்னிடம் இருந்த தொகுப்பில் அறிவியலுக்கு 210 ஸ்லைடுகள், பொருளாதாரத்துக்கு 70. கேள்வி எண்ணிக்கையால் வகுத்தால் அறிவியலில் ஒரு கேள்விக்கு 42 ஸ்லைடு, பொருளாதாரத்தில் மூன்றரை. இதற்கு ஆசிரியரைக் குறை சொல்ல முடியாது. அறிவியலுக்குப் படங்களும் அட்டவணைகளும் ஏற்கெனவே தயாராக இருக்கின்றன. பல வருடங்களாகச் சேர்ந்தவை. வளர்ச்சி நிர்வாகத்துக்கு ஒவ்வொரு வருடமும் புதிதாகத் தேடி எடுக்க வேண்டும். அதனால் ஸ்லைடு எண்ணிக்கையை வைத்து ஒரு பாடத்தின் முக்கியத்துவத்தை முடிவு செய்யாதீர்கள். ஒரு பாடத்தைப் பற்றிப் பேசுவது ஆசிரியருக்கு எவ்வளவு எளிது என்பதைத்தான் அது காட்டும்.

நான் வைத்துக்கொண்ட விதி ஒன்றே ஒன்று: ஒரு கேள்விக்கு ஒரு பக்கம். லாங் சைஸ் நோட்டில் 75 பக்கம், அதற்கு மேல் இல்லை. அறிவியலுக்கு ஐந்து பக்கம்தான் என்றானதும், 210 ஸ்லைடுகளில் எதை விடுவது என்ற முடிவை நாமே எடுத்தாக வேண்டும். நான் பள்ளிப் பாடநூல்களில் இருக்கும் அளவீடுகள், அமிலம், காரம், சத்துக்குறை நோய்கள் போன்றவற்றை வைத்துக்கொண்டு, நீண்ட வருவிப்புகளை விட்டுவிட்டேன். மறுபக்கம், பொருளாதாரத்துக்கு இருபது பக்கம் காலியாக நிற்கும். 70 ஸ்லைடுகள் அதில் பாதியைக்கூட நிரப்பாது. அந்தக் காலி இடம்தான் இந்த முறையின் உண்மையான பலன். வகுப்பில் எது நடத்தப்படவில்லை என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். அதை நிரப்ப 9 முதல் 12 வரையிலான பொருளியல் பாடநூல்களும், துறைகளின் கொள்கை விளக்கக் குறிப்புகளும், 2025 மார்ச்சில் முதல்முறையாக வெளியான தமிழ்நாடு பொருளாதார ஆய்வறிக்கையும் உதவும். நலத்திட்டங்களுக்கு ஒரு பக்கத்தில் நான்கு கட்டங்கள் போதும்: தொடங்கிய நாள், இடம், யாருக்கு, எவ்வளவு. காலை உணவுத் திட்டம் என்றால் 15 செப்டம்பர் 2022, மதுரை, அரசுத் தொடக்கப் பள்ளியில் 1 முதல் 5-ஆம் வகுப்பு வரை. இந்தக் கட்டங்களிலிருந்துதான் பொருத்துக கேள்விகள் வரும்.

அலகுக்குள் எந்தத் தலைப்பிலிருந்து அதிகக் கேள்விகள் வரும் என்று பாடத்திட்டம் சொல்லாது. அதற்குப் பழைய வினாத்தாள்தான் வழி. இங்கே ஒரு எச்சரிக்கை வேண்டும். எண்ணிக்கைக்கு ஜூலை 2025-ல் நடந்த தேர்வின் தாளை மட்டும் எடுங்கள். 2022, 2024 தாள்கள் பழைய பாடத்திட்டத்தில் அமைந்தவை. அப்போது தேசிய இயக்கமும் வளர்ச்சி நிர்வாகமும் தனித்தனி அலகுகளாக இருந்தன. கேள்வி எப்படிக் கேட்கிறார்கள் என்று பார்க்கப் பழைய தாள்கள் நல்லவை, எடைக்கு அல்ல. உங்கள் வகுப்பின் ஸ்லைடுகள் இன்னும் அந்தப் பழைய அலகுப் பிரிப்பிலேயே இருந்தால், அவை புதுப்பிக்கப்படவில்லை என்று கொள்ளலாம்.

இனி ஒரு பக்கத்தை முழுதாகச் செய்து பார்ப்போம். இடஒதுக்கீடு என்ற தலைப்பு ஸ்லைடுகளில் மூன்று இடங்களில் சிதறிக் கிடந்தது. நீதிக்கட்சி ஸ்லைடில் 1921-ன் வகுப்புவாரி அரசாணை. ஆட்சியியலில், திருத்தங்களின் நீண்ட பட்டியலுக்குள் முதல் சட்டத்திருத்தம். வளர்ச்சி நிர்வாகத்தில் 69 சதவீதம். மூன்றும் ஒரே கதை என்று எந்த ஸ்லைடும் சொல்லவில்லை.

நோட்டில் இதை ஒரே பக்கத்தில் இப்படி எழுதினேன். 1921-ல் பனகல் அரசர் அமைச்சரவை அரசு வேலைகளுக்கு வகுப்புவாரி அரசாணை கொண்டுவந்தது. கல்லூரிச் சேர்க்கைக்கும் பின்பற்றப்பட்ட அந்த முறை, செண்பகம் துரைராஜன் வழக்கில் செல்லாது என்று 1951-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு முதல் சட்டத்திருத்தம் வந்து 15(4)-ஐச் சேர்த்தது. ஒன்பதாவது அட்டவணையும் அதே திருத்தத்தில்தான் பிறந்தது. மண்டல் வழக்கில் 1992-ல் 50 சதவீத வரம்பு வந்ததும், தமிழ்நாடு 1993-ல் 69 சதவீதத்துக்குச் சட்டம் இயற்றியது. 1994-ல் 76-வது திருத்தம் அந்தச் சட்டத்தை ஒன்பதாவது அட்டவணையில் வைத்தது. கீழே பிரிவு: பிற்படுத்தப்பட்டோர் 30 (இதில் முஸ்லிம்கள் 3.5), மிகவும் பிற்படுத்தப்பட்டோர் 20, பட்டியல் சாதியினர் 18 (இதில் அருந்ததியர் 3), பழங்குடியினர் 1.

1951-ல் நம் மாநிலத்து வழக்குக்காகத் திருத்தப்பட்ட அரசமைப்பு, அதே திருத்தத்தில் உருவான அட்டவணை வழியாகவே 1994-ல் நம் சட்டத்துக்கு அடைக்கலம் தந்தது என்பதைக் கண்டபோது, இந்த வருடங்களைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே போய்விட்டது. 15, 20, 20 என்று 55 கேள்விகளைத் தாங்கும் மூன்று அலகுகளுக்கும் இந்த ஒரு பக்கம் பொதுவானது. கால வரிசைப்படுத்துக, கூற்று காரணம், பொருத்துக என எந்த வடிவில் கேட்டாலும் விடை இங்கேயே இருக்கிறது. இப்படி அலகு தாண்டும் தலைப்புகளை நோட்டின் முதல் பக்கங்களுக்குக் கொண்டுபோங்கள். திருக்குறள் இன்னொன்று: தமிழ்ப் பகுதியிலும் வரும், கடைசி அலகிலும் வரும்.

ஸ்லைடில் இருப்பதை நோட்டில் ஏற்றும் முன் பாடநூலுடன் ஒப்பிடுவது கட்டாயம். ஒரு தொகுப்பு பழையதா என்று அறியச் சில இடங்களைப் பார்த்தால் போதும். அடிப்படைக் கடமைகள் பத்து என்று இருந்தால், 2002-ன் 86-வது திருத்தத்தால் பதினொன்று ஆனதை அது அறியவில்லை. தமிழ்நாட்டில் 32 மாவட்டம் என்று இருந்தால் 2019-க்கு முந்தையது, இப்போது 38. இந்த இரண்டில் ஒன்று தவறாக இருந்தாலும், அந்தத் தொகுப்பிலுள்ள எண்கள் அனைத்தையும் நான் மறுபடி சரிபார்ப்பேன்.

திறனறிவின் 25 கேள்விகளை இந்த நோட்டில் சேர்க்கவில்லை. அவை கை பழக வேண்டியவை, பக்கத்தில் சுருக்கி வைக்க முடியாதவை. அதற்கு வேறு நோட்டு, தினமும் கணக்கு. 75 பக்கத்தின் ஓரங்களில் மட்டும், மாதிரித் தேர்வில் தவறிய கேள்வி எந்தப் பக்கத்தைச் சேர்ந்ததோ அங்கே ஒரு கோடு போடுங்கள். கோடுகள் கூடும் பக்கத்தைப் புதிதாக எழுதுங்கள். பக்கத்தின் அளவைக் கூட்ட வேண்டாம். தவறிய கேள்விக்கு எந்தப் பக்கமும் இல்லை என்றால், அந்த அலகின் பக்கங்களில் கோடு ஒன்றுமே விழாத பக்கத்தை எடுத்துவிட்டு அங்கே இதை எழுதுங்கள்.