ஆறு நாள் விடுப்பும் 900 ரூபாயும்: சம்பளப் பிடித்தக் கணக்கைச் சரிசெய்த அனுபவம்

கோயம்புத்தூரில் பம்ப் உதிரிபாகங்கள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் கிடங்குப் பிரிவில் பணிபுரிந்துவந்தேன். 2023 ஜூனில் அம்மாவின் முழங்கால் அறுவை சிகிச்சைக்காக 8ஆம் தேதி வியாழன் முதல் 14ஆம் தேதி புதன் வரை ஊரில் இருந்தேன். எனக்குரிய விடுப்புகள் முன்பே தீர்ந்துவிட்டதால் அது சம்பளமில்லா விடுப்பு என்பது தெரிந்தேதான் போனேன். ஆனால் அடுத்த மாதம் கைக்கு வந்த சம்பளச் சீட்டில் பிடித்தம் 6,300 ரூபாய் என்றிருந்தது, நான் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகப் பட்டது.

என் மாதச் சம்பளம் அப்போது 23,400 ரூபாய். சீட்டில் `LOP Days` என்ற இடத்தில் 7 என்றும், `Paid Days` என்ற இடத்தில் 23 என்றும் இருந்தன. 30 நாள் கொண்ட மாதத்தில் 23 நாளுக்குச் சம்பளம் என்றால் 23,400ஐ 30ஆல் வகுத்து 23ஆல் பெருக்க வேண்டும், அது 17,940 ரூபாய். ஆனால் சீட்டில் ஈட்டிய சம்பளம் 17,100 என்றுதான் இருந்தது. நாள் எண்ணிக்கையும் தொகையும் ஒரே சீட்டில் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாததைக் கண்டபோதுதான் தவறு இருப்பது எனக்கு உறுதியாயிற்று.

6,300ஐ 7ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 900 ரூபாய். 23,400ஐ 26ஆல் வகுத்தாலும் அதே 900தான் வருகிறது. அந்த மாதத்தில் நான்கு ஞாயிறுகள் போக வேலை நாள்கள் 26 என்பதால் அந்த வகுத்தலில் பிழையில்லை. ஆனால் அப்படி வகுத்தவர்கள் நான் வராத வேலை நாள்களை மட்டுமே, அதாவது ஆறு நாள்களை மட்டுமே எண்ணியிருக்க வேண்டும். அவர்களோ விடுப்பின் நடுவில் வந்த 11ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்து ஏழாக்கியிருந்தார்கள். ஞாயிறுகளைக் கழித்துவிட்டு ஒரு நாள் கூலியை உயர்த்திக்கொண்டு, பிறகு அந்த உயர்ந்த கூலியில் ஞாயிற்றுக்கும் சேர்த்துப் பிடித்தால், ஒரே ஞாயிறு இரண்டு முறை எனக்கு எதிராகக் கணக்கில் வருகிறது.

கணக்குப் பிரிவில் இருந்த பெரியவரிடம் முதலில் நேரில் சொன்னேன். "ரெண்டு பக்கமும் லீவுன்னா நடுவுல வர்ற ஞாயிறும் லீவுதானுங்க, சாண்ட்விச் லீவும்பாங்க" என்றார். விடுப்புப் பதிவில் அந்த வழக்கம் பல இடங்களில் இருப்பது எனக்கும் தெரியும். ஆகவே அதை மறுத்துப் பேசாமல், "சார், ஒருத்தர் மாசம் முழுக்க வரலைன்னு வெச்சுக்குங்க, இதே முறையில எவ்வளவு பிடிப்பீங்க?" என்று கேட்டேன். அவர் கால்குலேட்டரை எடுத்து 900ஐ 30ஆல் பெருக்கினார். 27,000 வந்தது. சம்பளமே 23,400தான். திரையைப் பார்த்தபடி சிறிது நேரம் பேசாமல் இருந்தவர், எழுத்தில் கொடுத்தால் மேலே அனுப்புவதாகச் சொன்னார்.

அன்று மாலையே ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். 1936ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டம் அப்போது மாதம் 24,000 ரூபாய் வரை ஊதியம் பெற்றவர்களுக்குப் பொருந்தியது, நானும் அந்த வரம்புக்குள் இருந்தேன். வராத நாள்களுக்கான பிடித்தம், ஒருவர் வேலை செய்ய வேண்டியிருந்த மொத்தக் காலத்தில் அவர் வராத காலம் எத்தனை பங்கோ, ஊதியத்தில் அந்தப் பங்கைத் தாண்டக் கூடாது என்று அதன் 9ஆம் பிரிவு கூறியது. ஞாயிறு நான் வேலை செய்ய வேண்டிய நாளே அல்ல. ஆகவே 26இல் 6 பங்கு, அதாவது 5,400 ரூபாய்தான் உச்சவரம்பு என்று குறிப்பிட்டு, மீதி 900 ரூபாயைத் திருப்பித் தருமாறு கேட்டேன். இதே விதி இப்போது 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பில் 20ஆம் பிரிவாக இருக்கிறது.

மனிதவளப் பிரிவு அதிகாரி மறுநாள் அழைத்து, 30ஆல் வகுத்து ஏழு நாளுக்குப் பிடித்தால் 5,460 ஆகிறது, அப்படி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். நாள் எண்ணிக்கையும் வகுக்கும் எண்ணும் ஒரே அடிப்படையில் இருந்ததால் அது முரணற்ற கணக்குதான், வித்தியாசமும் 60 ரூபாய்தான். ஆயினும் சட்டம் சொல்லும் பங்கு 5,400 என்பதால் அதிலேயே நின்றேன். ஒரே ஒரு வேலை நாள் மட்டும் வராதவருக்கு 30ஆல் வகுத்தால் 780, 26ஆல் வகுத்தால் 900 பிடிபடும் என்பதையும் அவரிடம் சொன்னேன். எந்த எண்ணால் வகுப்பது என்பதை ஒருமுறை எழுதிவைத்துவிட்டு எல்லோருக்கும் அதையே பின்பற்றாவிட்டால், எது நிறுவனத்துக்குச் சாதகமோ அதுவே ஒவ்வொரு முறையும் வந்துவிடும் என்பதுதான் என் கவலையாக இருந்தது.

ஜூலை மாதச் சம்பளத்தில் நிலுவை என்ற தலைப்பில் 900 ரூபாய் வந்தது. அதில் பாதி அடிப்படைச் சம்பளம் என்பதால், 450 ரூபாய்க்கு 12 சதவீதமாக 54 ரூபாய் வருங்கால வைப்பு நிதிக்குப் போய், 846 ரூபாய் கையில் நின்றது. முதலில் கூடுதலாகப் பிடித்தபோது வைப்பு நிதியும் சேர்ந்தே குறைந்திருந்ததால் இந்த 54 ரூபாய் சரியானதே. அதற்கடுத்த வாரம் கணக்குப் பிரிவிலிருந்து வந்த சுற்றறிக்கையில், சம்பளமில்லா விடுப்புக்கு வேலை நாள்களால் மட்டுமே வகுப்பது என்றும், இடையில் வரும் ஞாயிற்றுக்கிழமைகளைப் பிடித்தத்தில் சேர்ப்பதில்லை என்றும் இருந்தது.