ஆழமா, அகலமா?

"இன்னும் அரை மீட்டர் கீழே போகிறேன் தம்பி, அகலத்தை மட்டும் கேட்காதீர்கள்." வெள்ளவத்தைக் கால்வாயை அண்டி ஒரு விளம்பரப் பலகையின் கம்பத்துக்கு அத்திவாரம் போடும் வேலையில் ஒப்பந்தக்காரர் இப்படிக் கேட்டார். அத்திவாரத்துக்குக் கையொப்பமிட வேண்டிய நான் மறுத்தேன். மறுத்தது சரிதானா என்ற கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

விளம்பரத் துணியை இழுத்துக் கட்டும் பலகை 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். அதன் நடுப்புள்ளி தரையிலிருந்து 7.5 மீட்டரில். காற்றின் வேகத்தை செக்கனுக்கு 33 மீட்டர் என எடுத்தேன். அந்த வேகத்தில் தட்டைப் பலகையின் ஒவ்வொரு சதுர மீட்டர் மீதும் ஏறக்குறைய 1 கிலோநியூட்டன் விழும். மொத்தம் 18 கிலோநியூட்டன். கம்பத்தின் அடியில் திருப்பம் 135 கிலோநியூட்டன் மீட்டர். அத்திவாரத்தின் அடிமட்டத்துக்கு வந்தால் இது இன்னும் கூடும், ஏனெனில் தோண்டிய ஆழமும் நெம்புகோலின் நீளத்தில் சேர்ந்துவிடுகிறது.

அவர் வெட்டியிருந்த குழி 2.4 மீட்டர் சதுரம், 1.5 மீட்டர் ஆழம். கொங்கிரீட்டின் எடையோடு கம்பம், பலகையின் எடை 15 கிலோநியூட்டனையும் சேர்த்துக் கணக்கிட்டால் கவிழ்வுக்கு எதிரான காப்புக் காரணி 1.6; அதாவது கவிழ்க்கும் திருப்பத்தைப் போல 1.6 மடங்கு திருப்பம் அதைத் தாங்கி நிற்கிறது, 1க்குக் கீழே போனால் கவிழும். உலர்ந்த நிலத்தில் அது போதும். ஆனால் மழைக்காலத்தில் அங்கே நீர்மட்டம் தரைவரை ஏறும். மேலுதைப்பு கொங்கிரீட்டின் எடையில் நாற்பது வீதத்தைத் தின்றுவிட, காரணி 1.02க்கு இறங்குகிறது. அவர் சொன்னபடி 2 மீட்டர் ஆழம் போனாலும் 1.25தான். ஏறக்குறைய அதே கொங்கிரீட்டை 2.8 மீட்டர் சதுரமாக, பழைய ஆழத்திலேயே பரப்பினால் 1.57 கிடைக்கிறது.

இதில் பக்கத்து மண்ணின் எதிர்ப்பை நான் சேர்க்கவில்லை. கரையோரத்துச் சேற்று மண்ணை நம்ப முடியாது. நாளை யாராவது வடிகான் வெட்டினால் இருக்கிற கொஞ்சமும் போய்விடும். இருந்தாலும் அது முழுப் பூச்சியமும் அல்ல.

"இருபது வருடமாக ஐந்தடிதான் போடுகிறேன், ஒன்றுகூட விழவில்லை" என்றார். அதற்கு அன்று என்னிடம் பதில் இல்லை. பலத்த காற்றில் முதலில் கிழிவது துணி. கிழிந்ததும் காற்றின் விசை குறைகிறது, கம்பம் தப்பிவிடுகிறது. அவருடைய அனுபவத்துக்குப் பின்னால் இருந்த காரணம் அதுவாக இருக்கலாம். அப்படியென்றால் நான் கேட்ட அகலம் வீண்செலவா? துணி எந்த வேகத்தில் கிழியும் என்று உறுதி சொல்ல யாருமில்லாதபோது, அதை நம்பி நடைபாதைக்கு மேல் ஒரு கம்பத்தை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. நான் கையொப்பமிடவில்லை. வேறொருவர் இட்டார், 2 மீட்டர் ஆழத்துக்கு.

பலகை நிற்கிறது. ஒரு தென்மேற்குப் பருவக்காற்றில் துணி கிழிந்து தொங்கியதையும் பார்த்தேன். ஒப்பந்தக்காரர் சொன்னதுதான் உண்மையோ என்று அன்று நினைத்தேன். இப்போது துணிக்குப் பதிலாகத் தகரம் அடித்திருக்கிறார்கள். அது கிழியாது. அவரைத் தொலைபேசியில் அழைத்து இதைச் சொன்னேன். "தகரம்தான் தம்பி நெடுநாள் நிற்கும்" என்றார்.