கல்யாணப் பதிவேட்டில் சாதியை எண்ணும்போது

தமிழக-கேரள எல்லையில் பாறசாலை, களியக்காவிளை பக்கத்துக் கிறிஸ்தவச் சபைகளைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவர்கள் "இங்கே சாதி உண்டா?" என்று கேட்காதீர்கள். "கர்த்தருக்குள் எல்லாரும் ஒண்ணுதான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கல்யாணப் பதிவேட்டைப் பாருங்கள்.

நூறு கல்யாணத்தில் 85 ஒரே சாதிக்குள் என்றால் உடனே குதிக்க வேண்டாம். சபையில் ஒரு சாதி 90 சதவீதம், மற்றது 10 என்றால், சாதி பார்க்காமல் ஜோடி சேர்த்தாலும் 82 அப்படித்தான் வரும் (0.9×0.9 + 0.1×0.1). பாதிக்குப் பாதி இருக்கும் சபையில் அதே 85 வந்தால்தான் விஷயம். அங்கே வரவேண்டியது 50.

யார் எந்தச் சாதி என்பதற்குச் சான்றிதழை நம்பினால் அது வேறு குழி. 1950-ஆம் ஆண்டு பட்டியல் சாதிகள் ஆணைப்படி கிறிஸ்தவர் ஆன தலித்துக்குப் பட்டியல் சாதித் தகுதி இல்லை. அதனால் ஞாயிறு ஆராதனைக்கு வருகிறவர் தாளில் 'இந்து' என்றிருக்கலாம். அவர் ஆராதனைக்கு வருவதை நீங்கள் எழுதினால் அவர் சலுகைக்கே ஆபத்து. ஊர்ப் பெயரை மட்டும் மறைத்தால் போதாது, சபையின் பொது விருந்தான அசனம் நடக்கும் நாளையும் மறையுங்கள்; அதை வைத்தே எந்தச் சபை என்று கண்டுபிடித்துவிடலாம்.