சின்ன அறைக்கு வாடகை கூடிய கதை

மூன்று பேர் ஒரே வீட்டில் இருக்கிறோம். வயதில் மூத்தவர் அண்ணன், இளையவன் தம்பி, நடுவில் நான். உறவு ஒன்றும் இல்லை, கூப்பிட்டுப் பழகிவிட்டது. வீட்டில் மூன்று அறைகள், ஒவ்வொன்றும் ஒரு அளவு. பெரிய அறையோடு சேர்ந்து குளியலறை, அதில்தான் ஏசி. நடு அறை படிக்கட்டை ஒட்டியது, மேற்குச் சுவர். சின்ன அறை பின்பக்கம். கதவைத் திறந்தால் கட்டிலின் காலில் இடிக்கும், பாதிதான் திறக்கும். உடம்பை ஒருக்களித்து நுழைய வேண்டும்.

குடிவந்தபோது வாடகையையும் மின் கட்டணத்தையும் மூன்றாகப் பிரித்தோம். அண்ணனுக்குப் பெரிய அறை கிடைத்தது, காரணம் அவர் முதலில் வந்தார் என்பது மட்டும்தான். நானும் தம்பியும் மாதாமாதம் சம்மதம்போல முகத்தை வைத்துக்கொண்டு காசைக் கொடுத்தோம். வெயில் காலத்து முதல் மின் கட்டணம் வந்த அன்றுதான் வாய் திறந்தது.

முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான், டேப் எடுத்து அளந்தோம். பெரிய அறை குளியலறையோடு 180 சதுர அடி, நடு அறை 120, சின்ன அறை 100. ஹால், சமையலறை, பொதுக் குளியலறை எல்லாம் சேர்த்து 300. மொத்தம் 700. எங்கள் நிஜ வாடகை இங்கே தேவையில்லை. கணக்கு எளிதாக இருக்க 2100 என்று வைத்துக்கொள்கிறேன்.

இங்கேயே ஒரு தப்பு நடக்கப் பார்த்தது. தம்பி அறைகளின் 400 சதுர அடியை மட்டும் வைத்துப் பிரித்தான். அண்ணனுக்கு 945, எனக்கு 630, அவனுக்கு 525. அண்ணன் கேட்டார்: "அறை பெரிசு, சரி. ஹாலில் உன்னைவிட நான் அதிகமாகவா உட்காருகிறேன்?" நியாயமான கேள்வி. பொது இடம் மூவருக்கும் சமம் என்றால் அதன் வாடகையும் சமமாகத்தான் பிரிய வேண்டும். சதுர அடிக்கு 3 வீதம் பொது இடத்துக்கு 900, ஆளுக்கு 300. அதன்மேல் அவரவர் அறைக்கு 540, 360, 300. ஆக 840, 660, 600. பரப்பளவை வைத்துப் பிரிப்பவர்கள் இந்த இரண்டு அடுக்கைத் தனித்தனியாகப் போட வேண்டும். இல்லாவிட்டால் பெரிய அறைக்காரர் சமையலறைக்கும் கூடுதல் கொடுத்துக்கொண்டிருப்பார்.

இப்படி இரண்டு மாதம் ஓடியது. ஆனால் எனக்கு உள்ளுக்குள் ஒரு குறை. 660 கொடுத்து நடு அறையில் இருப்பதைவிட 600 கொடுத்து சின்ன அறைக்குப் போய்விடலாம் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. படிக்கட்டில் யார் ஏறினாலும் என் தலைமாட்டில் ஏறுவதுபோல் இருக்கும். சாயங்காலம் மேற்குச் சுவரில் கை வைத்தால் சூடு தெரியும். டேப்புக்கு இதெல்லாம் தெரியாது. தம்பியோ சின்ன அறையை விடுவதாக இல்லை. அந்த விலைக்கு இரண்டு பேருக்குச் சின்ன அறை வேண்டும், நடு அறை யாருக்கும் வேண்டாம். விலை தப்பு என்பதற்கு இதைவிட வேறு அடையாளம் வேண்டியதில்லை.

பிறகு செய்ததுதான் உருப்படியான வேலை. ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு. மூன்று அறைக்கும் தனக்கு எவ்வளவு பெறும் என்று எழுத வேண்டும், மூன்றையும் கூட்டினால் சரியாக 2100 வர வேண்டும். இந்தக் கட்டாயம் இருப்பதால் எல்லா அறைக்கும் குறைத்து எழுத முடியாது. ஒன்றைக் குறைத்தால் இன்னொன்றை ஏற்றியாக வேண்டும். ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல், ஒரே நேரத்தில் எழுதி மடித்து வைத்தோம்.

பிரித்தபோது அண்ணன் பெரிய அறைக்கு 960, மற்ற இரண்டுக்கும் 570 வீதம் எழுதியிருந்தார். நான் பெரியதற்கு 810, நடுவுக்கு 660, சின்னதற்கு 630. தம்பி 780, 630, 690. சின்ன அறைக்கு அவன் 690 எழுதியதைப் பார்த்து அண்ணன் சிரித்துவிட்டார். ராத்திரி வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குபவன் அவன். பின்பக்கத்து அமைதிதான் அவனுக்கு எல்லாம்.

எந்த அறை யாருக்கு என்றால், கூட்டுத்தொகை மிக அதிகமாக வரும்படி ஒதுக்க வேண்டும். அண்ணன் பெரியது, நான் நடு, தம்பி சின்னது என்றால் 960, 660, 690. கூட்டினால் 2310. நானும் தம்பியும் மாறினால் 2220தான். ஆக இருந்த இடத்திலேயே இருக்க வேண்டியதுதான், விலைதான் மாற வேண்டும். 2310இல் வாடகை போக 210 மிச்சம். அதை மூன்றாகப் பிரித்து ஆளுக்கு 70 குறைத்தோம். பெரிய அறை 890, நடு அறை 590, சின்ன அறை 620.

ஆமாம், சின்ன அறைக்கு நடு அறையைவிட 30 அதிகம். முதலில் பார்த்தபோது கணக்கு எங்கோ பிசகிவிட்டது என்றே நினைத்தேன்.

அதனால் சரிபார்த்தோம். ஒவ்வொருவரும் தன் சீட்டில் எழுதிய தொகையிலிருந்து புதிய விலையைக் கழிக்க வேண்டும், தன் அறைக்கு மட்டுமல்ல, மூன்று அறைக்கும். எனக்கு நடு அறையில் 70 லாபம், சின்ன அறையில் 10தான், பெரியதில் 80 நஷ்டம். தம்பிக்குச் சின்ன அறையில் 70, நடுவில் 40. அண்ணனுக்குப் பெரியதில் 70, மற்ற இரண்டிலும் நஷ்டம். யாருக்கும் அடுத்தவர் அறைமேல் கண் போகாது. மிச்சத்தைச் சமமாகப் பிரித்தால் எப்போதும் இப்படி அமைந்துவிடும் என்பதில்லை. யாருக்காவது அடுத்த அறையில் அதிக லாபம் வந்தால், அந்த அறையின் விலையைக் கொஞ்சம் ஏற்றி மற்றதை இறக்கி மறுபடி பார்க்க வேண்டும். 1999இல் பிரான்சிஸ் சு என்ற கணிதவியலாளர் இதே வாடகைப் பிரச்சினையை எடுத்துக்கொண்டு, சில எளிய நிபந்தனைகளுக்கு உட்பட்டு, பொறாமை வராத ஒரு விலைப் பிரிப்பு இருக்கவே செய்யும் என்று நிறுவினார். அதற்கு அவர் பயன்படுத்தியது ஸ்பெர்னர் என்ற இன்னொரு கணிதவியலாளர் 1928இல் தந்த துணைத்தேற்றம். வீட்டு வாடகைக்கு இவ்வளவா என்று கேட்கலாம். நாங்கள் போட்ட சண்டைக்கு இது குறைவு.

சீட்டு முறைக்கு ஒரு குறை உண்டு, அதை மறைக்கக் கூடாது. அடுத்தவர் என்ன எழுதுவார் என்று முன்பே தெரிந்தவர் விளையாடலாம். தம்பி சின்ன அறைக்காக உயிரை விடுவான் என்று எனக்குத் தெரிந்திருந்தால், நானும் அதற்கு ஏற்றி எழுதி, அவன் தலையில் இன்னும் கொஞ்சம் கட்டியிருக்கலாம். அதனால்தான் சீட்டை மடிக்கச் சொன்னது. சீட்டு எழுதும் முன் அறைகளைப் பற்றிப் பேசாமலிருப்பது அதைவிட நல்லது.

வாடகை முடிந்தது. மின் கட்டணம்தான் இழுத்தது. தம்பி, "ஏசி இருக்கிற அறை என்று வாடகையிலேயே ஏற்றிவிடலாமே" என்றான். செய்திருந்தால் கெட்டிருக்கும். அறை மாதாமாதம் மாறாது, ஏசி ஓடும் நேரம் மாறும். நிரந்தரத் தொகை ஒன்றைக் கட்டிவிட்டவர் பிறகு ரிமோட்டைத் தொட்டு அணைப்பாரா?

முதலில் மீட்டரிலேயே ஏசியை அளந்து பார்த்தேன். எங்கள் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டும், ஒரு யூனிட்டுக்கு 3200 சிமிட்டல் என்று அதன் முகப்பிலேயே அச்சிட்டிருந்தது. ஏசி போடும் முன் ஒரு நிமிடத்துக்கு 8 சிமிட்டல். போட்டு ஐந்து நிமிடம் கழித்து எண்ணினால் 80. வித்தியாசம் 72, மணிக்கு 4320 சிமிட்டல், அதாவது 1.35 யூனிட். இதை ஓடிய மணியால் பெருக்கி அண்ணனிடம் நீட்டியிருப்பேன். நல்லவேளை, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி எண்ணினேன், 32தான் இருந்தது. இன்வெர்ட்டர் ஏசி, அறை குளிர்ந்ததும் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. முதல் எண்ணிக்கையை நம்பியிருந்தால் அவர்மேல் ஏறக்குறைய மூன்று மடங்கு சுமத்தியிருப்பேன்.

அதனால் வீட்டுக்காரரிடம் கேட்டு, எலக்ட்ரீஷியனை வைத்து ஏசி லைனில் மட்டும் ஒரு சப் மீட்டர் போட்டோம். ஏசிக்குத் தனி லைன் இருந்ததால் வேலை சுலபம். மின் வாரியத்தார் ரீடிங் எடுக்கும் அதே நாளில் சப் மீட்டரையும் போட்டோ எடுக்க வேண்டும். ஒருமுறை நான்கு நாள் தள்ளி எடுத்துவிட்டு, அந்த நான்கு நாளுக்கு ஒரு மணி நேரம் பேசினோம்.

இதன் பிறகுதான் நான் எதிர்பார்க்காத தகராறு. கணக்குக்காக ஒரு மாதத்தைச் சொல்கிறேன், இந்த எண்களை வாடகை எண்களோடு ஒப்பிட வேண்டாம். மொத்தம் 330 யூனிட், அதில் ஏசி 150. முதல் 200 யூனிட்டுக்கு 3 வீதம், அதற்கு மேல் 6 வீதம், நிலைக்கட்டணம் 60. யூனிட்டுக்கான தொகை 600ம் 780ம் சேர்ந்து 1380.

தம்பி சொன்னான்: "ஏசி இல்லையென்றால் 180 யூனிட்தான், 540தான். மீதி 840 ஏசியால் வந்தது." கேட்க ஞாயமாகத்தான் இருக்கிறது. அண்ணன் சொன்னார்: "ஏன், முதல் 150 யூனிட் என்னுடையது என்று வையேன். 450தான் ஆகும். உங்கள் ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும்தான் மேல் அடுக்குக்குப் போனது." அதுவும் கேட்க ஞாயமாகத்தான் இருக்கிறது! யூனிட்டுக்கு வரிசை எண் கிடையாது. யாரைக் கடைசியில் நிறுத்துகிறோமோ அவர் தலையில் விலையுயர்ந்த யூனிட் விழுகிறது.

இரண்டுக்கும் நடுவே எடுத்தால் 645. சராசரி வீதத்தில் போட்டால், 1380ஐ 330ஆல் வகுத்து 150ஆல் பெருக்க, 627. இவ்வளவு கிட்டே வரும்போது சராசரியே போதும் என்று முடிவு செய்தோம், கணக்குப் போடுவதும் சுலபம். ஏசிக்கு 627 அண்ணனுடையது. மீதி 753 மூவருக்கும், ஆளுக்கு 251. நிலைக்கட்டணம் ஆளுக்கு 20. அண்ணன் 898, நாங்கள் இருவரும் 271 வீதம்.

வாட்டர் ஹீட்டரையும் பிரிக்கலாமா என்று ஒரு நாள் பேச்சு வந்தது. மூவரும் குளிக்கிறோம், விட்டுவிட்டோம். ஊருக்குப் போய் 15 நாளுக்கு மேல் இல்லாதவர் அந்த 251இல் பாதி கொடுத்தால் போதும், மற்ற பாதியை இருப்பவர்கள் பகிர்ந்துகொள்வார்கள். நிலைக்கட்டணமும் வாடகையும் முழுசாக உண்டு. நான் முதல் முறை போனபோது முழுத் தள்ளுபடி கேட்டேன். "உன் மாவுப் பாத்திரம் ஃபிரிட்ஜில்தானே இருந்தது" என்றான் தம்பி.